90 நொடி விளம்பரப் பிரதியை 30 நொடியாகச் சுருக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வானொலிக்கு விழிப்புணர்வு விளம்பரம் எழுதுபவர்கள் என்னிடம் மீண்டும் மீண்டும் கேட்ட ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். பொதுவாகப் பேசினால் எதுவும் பிடிபடாது என்பதால், குழந்தைகளின் வயிற்றுப்போக்கைப் பற்றிய ஒரே ஒரு மாதிரிப் பிரதியை எடுத்துக்கொண்டு, எல்லாப் பதில்களையும் அதை ஒட்டியே சொல்கிறேன். 90 நொடிக்கு எழுதப்பட்ட அந்தப் பிரதி இது:

(கோழி கூவுகிறது, பாத்திரம் கழுவும் ஓசை, குழந்தையின் சிணுங்கல்)
மருமகள்: அத்தை, விடிஞ்சதுல இருந்து புள்ளைக்கு நாலு தடவை தண்ணியா போயிடுச்சு. வாயெல்லாம் காய்ஞ்சு கெடக்கு.
மாமியார்: தண்ணி குடுக்காதம்மா. குடுத்தா இன்னும் போகும். வயித்தைக் காயப்போட்டா தானா நிக்கும். எங்க காலத்துல அப்படித்தான்.
மருமகள்: எனக்குப் பயமா இருக்கு அத்தை. அதோ நர்ஸம்மா வர்றாங்க, கேட்டுடுவோம்.
செவிலியர்: தண்ணியை நிறுத்தவே கூடாதும்மா. வயித்துப்போக்குல உடம்புல இருக்கிற தண்ணியும் உப்பும் வெளியேறிடும். அதைத் திருப்பிக் குடுக்கணும். அதுக்குத்தான் இந்த ஓ.ஆர்.எஸ். பாக்கெட்.
மருமகள்: எப்படிக் கலக்கணும்?
செவிலியர்: கையை சோப்புப் போட்டுக் கழுவிக்கோ. கொதிக்க வெச்சு ஆறின தண்ணி ஒரு லிட்டர் எடு. பாக்கெட் முழுசையும் அதுல கொட்டிக் கலக்கு. பாதி பாக்கெட் போடக் கூடாது. சர்க்கரை சேர்க்கக் கூடாது. கரண்டியால கொஞ்சம் கொஞ்சமாக் குடு. மிச்சத்தை இருபத்துநாலு மணி நேரத்துக்கு மேல வைக்காதே.
மாமியார்: தாய்ப்பால் குடுக்கலாமா?
செவிலியர்: தாராளமா. வழக்கமான சாப்பாடும் குடுங்க. ஜிங்க் மாத்திரை பதினாலு நாள் குடுக்கணும். போக்கு நின்னாலும் நிறுத்தக் கூடாது.
மாமியார்: எப்போ ஆஸ்பத்திரிக்குப் போறது?
செவிலியர்: மலத்துல ரத்தம் வந்தா, கண்ணு குழிஞ்சு சோர்ந்து போனா, குடிக்க முடியாம போனா, உடனே தூக்கிட்டு ஓடணும்.
மாமியார்: இத்தனை நாளா தப்பா நெனச்சிருந்தேனே!
அறிவிப்பாளர்: ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் இலவசமாகக் கிடைக்கும்.

30 நொடிக்கு எத்தனை சொல் எழுதலாம்?

மேலே உள்ள பிரதியில் ஏறக்குறைய 125 சொற்கள் இருக்கின்றன. தொடக்க ஓசைகள், ஒருவர் பேசி முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளிகள், இறுதி இசை ஆகியவற்றுக்குப் பதினைந்து இருபது நொடி போனால், பேச்சுக்கு எழுபது எழுபத்தைந்து நொடி கிடைக்கிறது. நிதானமான உரையாடல் என்பதால், நொடிக்கு இரண்டு சொல்லுக்குச் சற்றுக் குறைவாகவே வரும். அதே நடையில் 30 நொடிக்கு எழுதும்போது ஓசைக்கும் இடைவெளிக்கும் ஐந்து நொடியை ஒதுக்கிவிட்டால், 45 சொல்லைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

ஆங்கில விளம்பரக் கையேடுகளில் 30 நொடிக்குச் சொல்லும் கணக்கு இதைவிட மிக அதிகமாக இருக்கும். அதைத் தமிழுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. தமிழில் வேற்றுமை உருபும் உம்மையும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் ஒவ்வொரு சொல்லும் நீளமானது. ‘வெளியேறிடும்’ என்பதும் ஒரு சொல், ‘தண்ணி’ என்பதும் ஒரு சொல் என்பதால் சொல்லெண்ணிக்கை ஒரு தொடக்கக் கணக்கு மட்டுமே. முடிவான அளவை நிறுத்துகடிகாரத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்துத்தான் காண வேண்டும். மனத்துக்குள் படிக்கும் வேகம் எப்போதும் ஏமாற்றும்.

அப்படியென்றால் ஒவ்வொரு பகுதியிலும் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துவிட்டால் போதாதா?

போதாது. இந்தப் பிரதியில் நம்பிக்கையைத் திருத்துவது, கலக்கும் முறை, உணவு, மாத்திரை, ஆபத்து அறிகுறி, கிடைக்குமிடம் என்று ஆறு செய்திகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் மூன்றில் ஒரு பங்காக்கினால் ஆறும் தலைப்புச் செய்திபோல ஓடும். கேட்பவர் எதையும் செய்ய முடியாது. ‘ஓ.ஆர்.எஸ். குடுங்க, ஜிங்க் குடுங்க, கையைக் கழுவுங்க’ என்று கேட்டவருக்கு எத்தனை தண்ணீரில் எத்தனை பாக்கெட் என்பது தெரியாமலே போய்விடும். சில செய்திகளை முழுமையாக வைத்துக்கொண்டு, சிலவற்றை முழுமையாக விடுவதுதான் சுருக்கம்.

எங்கிருந்து தொடங்குவது? பழைய பிரதியை அடித்துத் திருத்துவதா, புதிதாக எழுதுவதா?

முதலில் பழைய பிரதியை மூடி வைத்துவிட்டு, இதைக் கேட்ட தாய் நாளை காலை எந்த ஒரு செயலை வேறுவிதமாகச் செய்ய வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இங்கே அந்த வாக்கியம்: ‘குழந்தைக்கு வயிற்றால் போனால் தண்ணீரை நிறுத்தாமல், ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு முழுப் பாக்கெட் ஓ.ஆர்.எஸ். கலந்து கொடுப்பாள்.’ பிறகுதான் பழைய பிரதியைத் திறந்து, இந்த வாக்கியத்தை நிறைவேற்றும் வரிகளின் கீழ் மட்டும் கோடிட வேண்டும்.

அடித்துத் திருத்துவதில் ஒரு சிக்கல் உண்டு. கையில் இருக்கும் வரிகள் நன்றாக இருப்பதாலேயே அவற்றைக் காப்பாற்றத் தோன்றும். மேலே உள்ள பிரதியில் ‘இத்தனை நாளா தப்பா நெனச்சிருந்தேனே’ என்ற வரி மாமியாருக்கு ஒரு மனமாற்றத்தைத் தருகிறது. நீண்ட வடிவத்தில் அது அழகான முடிவு. ஆனால் அந்த வரியால் கேட்பவர் செய்யக் கற்றுக்கொள்வது எதுவும் இல்லை. கோடிட்ட வரிகளில் அது வராது, ஆகையால் போகிறது.

எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று எப்படி முடிவு செய்வது? எல்லாமே முக்கியமாகத் தெரிகிறதே.

முக்கியமானதா என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் ஆம் என்றுதான் பதில் வரும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு வரியிடமும் நான் இரண்டு கேள்விகளைக் கேட்கிறேன். இந்த வரி இல்லாமல் மற்ற வரிகளைக் கேட்டவர் தீங்கு விளைவிக்கும் எதையாவது செய்துவிடுவாரா? இந்தத் தகவல் செயலைச் செய்யும் நேரத்தில் வேறு வழியாக அவருக்குக் கிடைக்குமா?

‘ஒரு லிட்டர்’, ‘முழுசா’ என்ற இரண்டையும் முதல் கேள்வியில் போட்டுப் பாருங்கள். ஓ.ஆர்.எஸ். கொடுக்கச் சொல்லிவிட்டு அளவைச் சொல்லாமல் விட்டால், முழுப் பாக்கெட்டையும் ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கும் வீடுகள் இருக்கும். அந்தக் கரைசலில் உப்பு மிகுந்து குழந்தையின் நிலை மோசமாகலாம். மாறாக, பாதிப் பாக்கெட்டை ஒரு லிட்டரில் போட்டால் இழந்த உப்பு போதிய அளவு திரும்பக் கிடைக்காது. பாக்கெட்டின் மேல் அளவு அச்சாகியிருந்தாலும், பிழையின் விலை பெரியது என்பதால் இந்தச் சொற்களைத் தொடக் கூடாது. ஆபத்து அறிகுறிகளும் இதே காரணத்தால் நிற்கின்றன: வீட்டிலேயே கரைசல் கொடுங்கள் என்று சொல்லும் விளம்பரம், எப்போது வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்பதைச் சொல்லாமல் முடிந்தால், சிலர் மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போட அதுவே காரணமாகிவிடும்.

‘இருபத்துநாலு மணி நேரத்துக்கு மேல வைக்காதே’ என்பது இரண்டாவது கேள்வியில் விழுகிறது. அது பாக்கெட்டில் இருக்கிறது, பாக்கெட்டைக் கொடுக்கும் செவிலியரும் சொல்வார். கலந்த பிறகுதான் தேவைப்படும் தகவலும் அது. ஜிங்க் மாத்திரையை யாரும் வானொலியைக் கேட்டுத் தானாக எடுத்துக் கொடுக்கப்போவதில்லை. மாத்திரையைத் தருபவர் எத்தனை நாள் என்பதையும் சேர்த்தே சொல்கிறார். உடம்பிலுள்ள தண்ணீரும் உப்பும் வெளியேறுகின்றன என்ற விளக்கம் உண்மையானது, பயனுள்ளது. எனினும் அது காரணம் மட்டுமே, செயலன்று. காரணத்தைக் கேட்காமலேயே செயலைச் செய்ய முடியும் என்றால், 30 நொடியில் காரணத்துக்கு இடமில்லை.

தாய்ப்பாலையும் அப்படியே விட்டுவிடலாமா? எனக்குப் பயமாக இருக்கிறது.

இந்தப் பயம் நியாயமானது. இந்தப் பிரதியில் நான் மிகவும் யோசித்த இடமும் இதுதான். மேலே சொன்ன முதல் கேள்வியை இங்கே சற்றுக் கூர்மையாகக் கேட்க வேண்டும்: நாம் சொல்லாமல் விடுவது, நாம் சொன்னதைத் தவறாகப் புரிந்துகொள்ளத் தூண்டுகிறதா? ஓ.ஆர்.எஸ். கொடுங்கள் என்பதைப் ‘பாலுக்குப் பதிலாக’ என்று ஒரு தாய் எடுத்துக்கொள்ள வாய்ப்பிருந்தால் அந்தச் செய்தியை விடக் கூடாது. உங்கள் பகுதியில் அப்படி ஒரு பழக்கம் இருப்பது களப் பணியாளர்களுக்குத் தெரிந்திருந்தால், ‘தாய்ப்பாலும் குடு’ என்ற இரண்டு சொல்லைச் சேர்த்துவிட்டு அறிவிப்பாளர் வரியில் இரண்டு சொல்லைக் குறையுங்கள். நிறுத்தப்படுவது தண்ணீர்தான், பால் அன்று என்று தெரிந்த ஊர்களுக்கு நான் அதை விட்டுவிடுவேன்.

மூன்று பாத்திரங்களும் வேண்டுமா? ஒரே குரலில் சொன்னால் இன்னும் மிச்சமாகுமே.

மிச்சமாகும் என்பது உண்மைதான். குரல் மாறும் ஒவ்வோர் இடத்திலும் அரை நொடிவரை போகிறது. ஆனால் மாமியாரின் குரலை எடுத்துவிட்டால், தண்ணீர் கொடுக்கக் கூடாது என்ற நம்பிக்கை யாருடையது என்பதை அறிவிப்பாளர் விளக்க வேண்டிவரும். அந்த விளக்கம் உரையாடலைவிட நீளும். ஒரு பாத்திரம் விளக்க வேண்டியதை நடித்துக் காட்டிவிடுகிறது என்றால் அது தன் இடத்துக்கு விலை கொடுத்துவிட்டது. மருமகளுக்கு இங்கே ஒரு கேள்வி மட்டும் மிஞ்சுகிறது. அவள் பயத்தைச் சொல்லும் வரி, செவிலியர் வருவதைச் சொல்லும் வரி இரண்டும் போகின்றன. செவிலியர் எப்படி வந்தார் என்று வானொலி கேட்பவர் யாரும் கேட்பதில்லை. கோழியும் பாத்திர ஓசையும்கூடப் போகின்றன. குழந்தையின் சிணுங்கல் மட்டும் போதும், வீடு, குழந்தை, துன்பம் மூன்றையும் அதுவே சொல்லிவிடுகிறது.

சரி, வெட்டி முடித்த பிரதி எப்படி இருக்கும்?

(குழந்தையின் சிணுங்கல், 2 நொடி)
மாமியார்: புள்ளைக்கு வயித்தால போகுது. தண்ணி குடுக்காதம்மா, இன்னும் போகும்.
செவிலியர்: தண்ணியை நிறுத்துனாத்தான் ஆபத்து. ஓ.ஆர்.எஸ். குடுங்க.
மருமகள்: எப்படிக் கலக்கணும் நர்ஸம்மா?
செவிலியர்: கொதிக்க வெச்சு ஆறின தண்ணி ஒரு லிட்டர். அதுல ஒரு பாக்கெட், முழுசா. கரண்டியால கொஞ்சம் கொஞ்சமாக் குடும்மா. மலத்துல ரத்தம் வந்தாலோ, குடிக்க முடியாம சோர்ந்தாலோ, உடனே ஆஸ்பத்திரி.
அறிவிப்பாளர்: ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

இதில் 43 சொற்கள் உள்ளன. பேச்சு இருபத்து நான்கு நொடிக்கு அருகில் வரும். சிணுங்கலையும் குரல் மாறும் இடைவெளிகளையும் சேர்த்தால் இருபத்தெட்டு நொடியை ஒட்டி நிற்கும். மீதியைக் காலியாகவே விடுங்கள். முழு முப்பது நொடிக்கும் எழுதினால், ஒலிக்கலவையின்போது கடைசிச் சொல்லின் வால் அறுபடும். இந்தப் பிரதியில் அந்தக் கடைசிச் சொல் ‘இலவசம்’.

பொருள் எதையும் விடாமல், சொற்களை மட்டும் குறைக்கத் தமிழில் வழி உண்டா?

உண்டு. வினைமுற்றே யார் என்பதைச் சொல்லிவிடுவதால் ‘நீங்க’, ‘நாம’ போன்ற எழுவாய்கள் பெரும்பாலும் தேவையில்லை. கட்டளையைப் பெயராக முடிக்கலாம்: ‘உடனே தூக்கிட்டு ஓடணும்’ என்பது ‘உடனே ஆஸ்பத்திரி’ ஆகிறது. ‘பாதி பாக்கெட் போடக் கூடாது’ என்ற நான்கு சொல் தடை, ‘முழுசா’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு செயலைச் செய் என்றும் அதன் எதிர்ச்செயலைச் செய்யாதே என்றும் இரண்டு முறை சொல்லும் இடங்களைத் தேடிப் பார்த்தால், எந்தப் பிரதியிலும் ஐந்தாறு சொற்கள் கிடைக்கும்.

ஒன்றை மட்டும் தவிர்க்க வேண்டும். வாக்கியங்களை எச்சங்களால் கோத்தால் காகிதத்தில் சொற்கள் குறைவதுபோலத் தெரியும்: ‘தண்ணியைக் கொதிக்க வெச்சு ஆற வெச்சு ஒரு லிட்டர் அளந்து பாக்கெட்டைப் பிரிச்சுக் கொட்டிக் கலக்கி...’ நடிப்பவருக்கு மூச்சுவிட இடமிருக்காது. கேட்பவருக்கு வினைமுற்று வரும்வரை எதையும் இறக்கி வைக்க முடியாது. அளவு சொல்லும் இடத்தில் முற்றுப்புள்ளி அவசியம். ‘ஒரு லிட்டர்.’ என்று நின்று, பிறகு ‘அதுல ஒரு பாக்கெட்’ என்று தொடர்வது அதற்காகவே.

கொஞ்சம் வேகமாகப் படிக்கச் சொன்னால் இன்னும் பத்து சொல் சேர்க்கலாமே?

நகைக் கடையின் தள்ளுபடி விளம்பரத்தில் அது நடக்கலாம், ஏனெனில் அங்கே கடையின் பெயர் காதில் விழுந்தால் போதும். கேட்பவர் அளவை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய விளம்பரத்தில் வேகம் முதலில் கெடுப்பது அந்த அளவைத்தான். மென்பொருளில் வேகத்தைச் சற்றே கூட்டுவதும், மூச்சு இடைவெளிகளை ஒட்ட நறுக்குவதும் ஒன்றிரண்டு நொடி அதிகமாகிவிட்ட பதிவைக் காப்பாற்ற உதவும். எழுதும்போதே அவற்றை நம்பி எழுதக் கூடாது.

90 நொடி ஒலிப்பதிவு முடிந்துவிட்டது. அதையே வெட்டி ஒட்டி 30 ஆக்க முடியாதா?

சில பிரதிகளில் முடியும். இந்தப் பிரதியில் முடியாது. பதிவை வெட்டும்போது இரண்டு இடங்களில் சிக்கல் வரும். ஒன்று, சுட்டுச் சொற்கள். ‘அதைத் திருப்பிக் குடுக்கணும்’ என்ற வரியை வைத்துக்கொண்டு அதற்கு முந்தைய வாக்கியத்தை நீக்கினால், ‘அதை’ எதைக் குறிக்கிறது என்று தெரியாமல் தொங்கும். காகிதத்தில் ஒரு நொடியில் திருத்திவிடலாம், குரலில் திருத்த முடியாது. மற்றொன்று, குரலின் ஏற்ற இறக்கம். ‘கொதிக்க வெச்சு ஆறின தண்ணி ஒரு லிட்டர் எடு’ என்பதில் ‘எடு’வை மட்டும் நறுக்கினால், குரல் மேலே நின்ற நிலையில் வாக்கியம் முடிந்ததுபோல ஆகி, ஏதோ விட்டுப்போனது காதுக்குத் தெரிந்துவிடும்.

ஆகவே இரு வடிவங்களும் தேவை என்பது முன்பே தெரிந்தால், குறும்பிரதியையும் எழுதி வைத்துக்கொண்டு அதே நாளில், அதே நடிகர்களைக் கொண்டு, தனியாகப் பதிவு செய்யுங்கள். அரை மணி நேரம் கூடுதலாக ஆகலாம். பிறகு நடிகர்களை மீண்டும் அழைப்பதைவிட அது எளிது.

துறை அதிகாரி ஜிங்க் மாத்திரையையும் கை கழுவுவதையும் சேர்த்தே ஆக வேண்டும் என்கிறார். என்ன செய்வது?

அவர் சொல்வது மருத்துவ முறையில் சரி. ஆகவே மறுத்து வாதிடுவதில் பயனில்லை. இரண்டு பிரதிகளை எழுதிக் கொடுங்கள்: மேலே உள்ளது ஒன்று, எல்லாவற்றையும் சேர்த்தது ஒன்று. இரண்டையும் அவர் முன்னிலையில் வாய்விட்டுப் படித்துக் கடிகாரத்தைக் காட்டினால், இரண்டாவது நாற்பது நொடியைத் தொடுவதை அவரே பார்ப்பார். கூடவே, கை கழுவுவதற்கு ஒன்று, ஜிங்க் மாத்திரையை இடையில் நிறுத்தாமல் இருப்பதற்கு ஒன்று என்று மேலும் இரண்டு 30 நொடிப் பிரதிகளை முன்வையுங்கள். மூன்றையும் மாற்றி மாற்றி ஒலிபரப்பலாம். 90 நொடி ஒரே விளம்பரத்துக்கு ஆகும் ஒலிபரப்பு நேரமேதான் இதற்கும் ஆகிறது. எந்தச் செய்தியும் கைவிடப்படவில்லை என்று தெரிந்தால் பெரும்பாலானவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள்.

தவறான நம்பிக்கையையே முதல் வரியாக வைப்பது ஆபத்தில்லையா? பாதியில் வானொலியை அணைத்தவர் அதை மட்டும் கேட்டிருப்பாரே.

ஆபத்து உண்டு. ஆனால் அது 90 நொடி வடிவத்தில்தான் அதிகம். அங்கே மாமியார் நான்கு வாக்கியங்கள் பேசுகிறார், மறுப்பு வருவதற்கு முன் மருமகள் வேறு பேசுகிறாள். குறும்பிரதியில் தவறான நம்பிக்கைக்கு ஒரே ஒரு வாக்கியம், அடுத்த மூச்சிலேயே செவிலியரின் மறுப்பு. இந்த இரண்டுக்கும் நடுவில் இசையோ ஓசையோ மூன்றாவது குரலோ வரக் கூடாது என்று பிரதியிலேயே குறித்துவிடுங்கள். ‘எங்க காலத்துல அப்படித்தான்’ என்ற வரியை இடம் கருதி மட்டும் நான் எடுக்கவில்லை. அது அந்த நம்பிக்கைக்கு அனுபவத்தின் வலுவைத் தருகிறது என்பதாலும் எடுத்தேன்.

தொலைக்காட்சிக்கும் இதே கணக்குதானா?

பேச்சின் அளவு இன்னும் குறையும்; ஒரு லிட்டர் பாத்திரத்தையும் பாக்கெட் முழுவதும் கொட்டப்படுவதையும் காட்டவே முடியும். 24 மணி நேரம் என்ற தகவலைத் திரையில் எழுத்தாக வைக்கலாம். ஆனால் படிக்கத் தெரியாதவர்களும் பார்ப்பார்கள் என்பதால், தீங்கைத் தடுக்கும் வரிகளை எழுத்தில் மட்டும் விட்டுவிடக் கூடாது. அவை காதிலும் விழ வேண்டும்.

சரியாக வெட்டியிருக்கிறேனா என்று எனக்கே எப்படித் தெரியும்?

உங்களுக்குத் தெரியாது, 90 நொடி வடிவம் உங்கள் நினைவில் இருப்பதால், வெட்டிய இடங்களை மனம் தானாக நிரப்பிக்கொள்ளும். நீண்ட வடிவத்தைக் கேட்டிராத ஒருவருக்கு, கூடுமானால் சிறு குழந்தை உள்ள ஒருவருக்கு, கைபேசியில் பதிவு செய்து ஒரே ஒரு முறை போட்டுக் காட்டுங்கள். அவர் வேறு பேச்சு பேசச் சிறிது நேரம் கொடுத்த பிறகு, ‘குழந்தைக்கு வயிற்றால் போனால் என்ன செய்வீர்கள்?’ என்று கேளுங்கள். விளம்பரம் எப்படி இருந்தது என்று கேட்கக் கூடாது. நன்றாக இருந்தது என்றுதான் பதில் வரும்.

அவர் ‘ஓ.ஆர்.எஸ். கொடுப்பேன்’ என்று நிறுத்தினால் எவ்வளவு தண்ணீரில் என்று மட்டும் கேளுங்கள். ‘ஒரு லிட்டர், முழுப் பாக்கெட்’ என்று வந்தால் பிரதி வேலை செய்கிறது. ‘ஒரு டம்ளர்’ என்றோ தயக்கமோ வந்தால், அளவு சொல்லும் வரிக்கு முன்னும் பின்னும் இன்னும் அரை நொடி அமைதி தேவைப்படுகிறது. அந்த நேரத்தை அறிவிப்பாளரின் வரியிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஓ.ஆர்.எஸ். பாக்கெட்’ என்பதில் ‘பாக்கெட்’டை எடுத்தாலும் அந்த வரி பொருள் தரும்.